"மூணு வாரம் லேட்" - ஒரு போன் கால், இரண்டு நிலைப்பாடுகள்

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும்: "நிலைப்பாடு, தேவை - வேறுபடுத்துக. இரண்டு மதிப்பெண்." நானும் எழுதினேன். நிலைப்பாடு என்றால் ஒருவர் கேட்பது, தேவை என்றால் அதை ஏன் கேட்கிறார் என்பது. ரெண்டுக்கு ரெண்டு கிடைத்தது. ஆனா அது என்னன்னு உண்மையிலேயே புரிந்தது போன பிப்ரவரியில், கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனபோதுதான். அந்த ஒரு கேஸை மட்டும் இங்கே முழுசாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கம்பெனி பெயர், ஆட்கள் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. எண்களையும் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை. எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் மேடத்துக்கு ஒரு போன். பேசியவர் எங்களுக்கு பம்ப் கேசிங் வார்த்துக் கொடுக்கும் பவுண்டரி ஓனர். மொத்தம் 40 கேசிங், அடுத்த திங்கள் வந்து சேர வேண்டும். "மேடம், மூணு வாரம் லேட் ஆகுங்க" என்றார். பக்கத்தில் இருந்த பர்ச்சேஸ் சார் போனை வாங்கி, "அதெல்லாம் தெரியாது. அடுத்த திங்கள் 40 பீஸும் வரணும், இல்லைன்னா எல்.டி. போட்டுடுவோம்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "போட்டுக்குங்க சார், எனக்கு மூணு வாரம் வேணும்" என்று பதில். போன் கட்.

இந்த இரண்டு வரிகளும்தான் நிலைப்பாடுகள். "அடுத்த திங்கள் 40." "மூணு வாரம்." இந்த ரெண்டுக்கும் நடுவில் பேசினால் என்ன கிடைக்கும்? ஒன்றரை வாரம் லேட். அதாவது இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒரு தேதி. நம்ம ஊரில் நெகோஷியேஷன் என்றாலே பேரம் என்றுதான் மனசில் வரும். ஆயிரம் சொன்னால் ஐநூறு கேட்டு எழுநூற்றைம்பதில் முடிப்பது. காய்கறிக் கடையில் அது சரி. இங்கே சரியாக வராது.

இந்த வேறுபாட்டைப் பிரபலமாக்கியது 1981-இல் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் எழுதிய 'கெட்டிங் டு யெஸ்' புத்தகம். ஆனா எனக்குப் பிடித்த உதாரணம் அதற்கும் முந்தியது, மேரி பார்க்கர் ஃபாலெட் 1920-களில் சொன்னது. நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறப்பது ஒரு வழி. அவர்கள் செய்தது, யாரும் உட்காராத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தது. ஏனென்றால் அவருக்கு வேண்டியது காற்று, ஃபாலெட்டுக்கு வேண்டியது வாடைக்காற்று நேராக மேலே படாமல் இருப்பது. ஜன்னல் யாருடைய தேவையும் இல்லை.

சரி, நம் கேஸில் பக்கத்து அறை எங்கே?

மேடம் போனை வைத்ததும் ஓனரைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு பேப்பரை எடுத்து என்னிடம், "நமக்கு எதுக்கு அடுத்த திங்கள் நாப்பதும் வேணும்?" என்று கேட்டார். நான், "பி.ஓ.வில அப்படித்தானே இருக்கு மேடம்" என்றேன். (அசடு வழிந்த நேரம் அது.) "பி.ஓ.வில இருக்கு. ஷாப்ல என்ன இருக்கு? போய்க் கேட்டுட்டு வா."

மெஷின் ஷாப்பில் இந்த கேசிங்கைக் கடைய ஒரே ஒரு வி.டி.எல். மெஷின். ஒரு நாளைக்கு மூன்று பீஸ். அதற்கு மேல் முடியாது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை. அப்போ 40 பீஸும் சொன்ன தேதிக்கே வந்திருந்தால்கூட, கடைந்து முடிக்க 14 வேலை நாள். முதல் நாளே 37 பீஸ் யார்டில் சும்மா கிடக்கும்.

போன் வந்த வாரத்தை முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய திட்டப்படி இரண்டாம் வாரம் திங்கள் 40-ம் வரும், நான்காம் வாரம் செவ்வாய் கடைந்து முடியும். ஓனர் சொன்னபடி நடந்தால் ஐந்தாம் வாரம் திங்கள் வரும், ஏழாம் வாரம் செவ்வாய் முடியும். இதுவரை மூன்று வார நஷ்டம் அப்படியே தெரிகிறது. ஆனா நமக்கு உண்மையில் வேண்டியது "40" இல்லை. வி.டி.எல். பட்டினி கிடக்காமல் நாளைக்கு மூன்று பீஸ், இரண்டாம் வாரம் திங்களிலிருந்து. இது வேறொரு வாக்கியம். இதைப் பற்றி யாரும் இன்னும் ஓனரிடம் பேசவே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எல்லா நோட்ஸிலும் "எதிர்த்தரப்பின் தேவையைக் கண்டுபிடி" என்றுதான் இருக்கும். நான் பார்த்தவரை முதலில் தொலைந்துபோவது நம்முடைய தேவைதான். பி.ஓ. தேதியை யாரோ ஆறு மாதம் முன்னால் எக்ஸெல் ஷீட்டில் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அதுவே வேதம்.

செவ்வாய் காலை மேடம் பவுண்டரிக்குக் கிளம்பினார், என்னையும் கூட்டிக்கொண்டு. போனில் பேசினால் நிலைப்பாடு மட்டும்தான் காதில் விழும், ஷெட்டுக்குள் நடந்தால்தான் மற்றது கண்ணில் படும் என்பது அவர் கணக்கு. போனதும் "ஏன் லேட்?" என்று கேட்கவில்லை. அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற கேள்வி. பதிலாக கரண்ட், லேபர், மழை என்று ஒரு பட்டியல் வரும். அவர் கேட்டது: "அண்ணா, நாளைக்கே ஆரம்பிக்கணும்னா என்னென்ன வேணும்?"

ஓனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன், ஏனென்றால் "மூணு வாரம்" எங்கிருந்து வந்தது என்பது இதில்தான் இருக்கிறது.

எங்கள் கேசிங் எஸ்.ஜி. அயர்ன். அவர் வழக்கமாக ஊற்றுவது சாதாரண கிரே அயர்ன். எஸ்.ஜி.க்கு சல்ஃபர் குறைந்த சார்ஜ் வேண்டும், உருக்கியதும் மெக்னீசியம் ட்ரீட்மென்ட் செய்து, அதன் வேலை மங்குவதற்குள் சில நிமிடங்களில் ஊற்றி முடிக்க வேண்டும். இரண்டு கிரேடின் ரிட்டர்ன் ஸ்க்ராப்பும் கலந்துவிட்டால் இரண்டுமே கெடும். அதனால் சின்ன பவுண்டரிகள் எஸ்.ஜி.க்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கிவிடுவார்கள். இவருக்கு அது வியாழன். ஃபர்னஸ் 500 கிலோ. கேசிங் 65 கிலோதான், ஆனா ரைசர், ரன்னர் எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு 100 கிலோ மெட்டல் ஊற்ற வேண்டும். ஒரு ஹீட்டுக்கு ஐந்து பீஸ், வியாழனுக்கு மூன்று ஹீட், ஆக 15. நாற்பதுக்கு மூன்று வியாழன். வியாழன் ஊற்றியது ஆறி, உடைத்து, ஷாட் பிளாஸ்ட், ஃபெட்லிங் முடிந்து திங்கள் எங்கள் கேட்டுக்கு வரும். அதோடு பி.ஓ.வில் "பார்ட் டெலிவரி கூடாது" என்று இருந்தது. அதனால் மூன்று வியாழனையும் முடித்து மொத்தமாக அனுப்புவதாக அவர் திட்டம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? இந்த வாரமும் ஒரு வியாழன் இருக்கிறது. அவர் கணக்கு அடுத்த வார வியாழனிலிருந்து ஆரம்பிக்கிறது. ஏன்?

மேடம் அதைக் கேட்கவில்லை. கோர் ரேக் பக்கம் நடந்து எண்ணினார். எங்கள் கேசிங்கின் கோர் 15, பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்தது. மோல்டிங் பாக்ஸும் தயார். எல்லாம் இருக்கிறது, மெட்டல் யார்டு மட்டும் காலி. கெப்பாசிட்டி பிரச்சினை என்றால் கோர் இருக்காது. கோர் இருந்து ஸ்க்ராப் இல்லை என்றால் அது காசு பிரச்சினை. திரும்பி வந்து உட்கார்ந்து, "எங்க சைடு பில் ஏதாவது நிக்குதுங்ளா அண்ணா?" என்றார்.

நின்றது. முந்தின ஆர்டரில் வேறொரு காஸ்டிங் 30 பீஸ், பீஸ் 14,000 ரூபாய். மொத்தம் 4,20,000. கொடுத்து 68 நாள் ஆகிவிட்டது. ஒரு வியாழனுக்கான ஸ்க்ராப், பிக் அயர்ன், மெக்னீசியம் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் வாக்கில் வரும். ஸ்க்ராப்காரர் காசைப் பார்க்காமல் லாரியை இறக்க மாட்டார். இவர் அடுத்த வாரம் வேறு பார்ட்டியிடமிருந்து வரும் பணத்தை நம்பி இருந்தார்.

இப்போ பர்ச்சேஸ் சார் மிரட்டிய எல்.டி.யைக் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு அரை சதவீதம். 40 கேசிங், பீஸ் 9,000, மொத்தம் 3,60,000. மூன்று வாரத்துக்கு 1.5 சதவீதம் - 5,400 ரூபாய். நாலு லட்சம் நம்மிடம் மாட்டிக்கொண்டிருக்கும் மனுஷனை ஐயாயிரத்து நானூறு ரூபாய் காட்டி மிரட்டியிருக்கிறோம்! "போட்டுக்குங்க சார்" என்று அவர் சொன்னது திமிர் என்று நான் நினைத்திருந்தேன். அது வெறும் கணக்கு. (இன்ட்ரஸ்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு வட்டி என்றும் ஒரு அர்த்தம் உண்டு. இந்தக் கேஸில் ரெண்டும் ஒண்ணுதான்.)

அப்போ மேடம் அங்கேயே பணம் தருவதாகச் சொல்லிவிட்டாரா? இல்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் கையில் செக் புக் கிடையாது. சப்ளையரோடு பேசுவது பாதி வேலை, மீதிப் பாதி நம் அக்கவுன்ட்ஸோடு. அதை எந்த கேஸ் ஸ்டடியிலும் யாரும் சொல்வதில்லை.

அக்கவுன்ட்ஸின் நிலைப்பாடு: "அந்த 30-ல் நாலு பீஸ் ரிஜெக்ட். அது செட்டில் ஆகாமல் பில் பாஸ் ஆகாது." தேவை என்ன? நாலு பீஸுக்கான மதிப்பும் ஜி.எஸ்.டி.யும் புக்ஸில் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். பில்லை முழுசாக நிறுத்துவது அதற்கு ஒரு வழி. சப்ளையர் அந்த நாலுக்கு கிரெடிட் நோட் கொடுத்துவிட்டால், அது இன்னொரு வழி. மீதி 26 பீஸில் யாருக்கும் தகராறே இல்லை. 3,64,000 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி.யும். ஓனர் கிரெடிட் நோட்டை அன்று சாயங்காலமே அனுப்பினார். அது தேவை என்று இரண்டு மாதமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அக்கவுன்ட்ஸிடம் மேடம் இன்னொன்றும் சொன்னார். 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, உதயம் பதிவு உள்ள சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் கூட்டு வட்டி, அதுவும் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு. வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த விதியின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அப்படிக் கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். பிப்ரவரி மாதம் வேறு. மார்ச் 31 தாண்டினால் அக்கவுன்ட்ஸுக்கே தலைவலி. இது மிரட்டல் இல்லை, அவர்களுடைய தேவையை அவர்களுக்கே எடுத்துக் காட்டுவது. புதன் மதியம் பணம் போனது. புதன் சாயங்காலம் ஸ்க்ராப் இறங்கியது. வியாழன் ஊற்றினார்கள்.

இப்போ புதுக் கணக்கு. வியாழன் ஊற்றி திங்கள் வரும் என்றால், இரண்டாம் வாரம் திங்கள் 15, மூன்றாம் வாரம் திங்கள் 15, நான்காம் வாரம் திங்கள் 10. வி.டி.எல். ஒவ்வொரு பதினைந்தையும் ஐந்து நாளில் முடிக்கும், சனிக்கிழமை சும்மா இருக்கும். கடைசிப் பத்து நான்காம் வாரம் வியாழன் முடியும். பழைய திட்டத்தில் அது செவ்வாய். மூன்று வார லேட் இரண்டு நாள் லேட் ஆகிவிட்டது. பவுண்டரி ஒரு ஹீட்கூட அதிகம் போடவில்லை. மெஷின் ஷாப் ஒரு ஓவர்டைம்கூடச் செய்யவில்லை. புதிதாக யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கொடுக்க வேண்டிய பணம் கொடுக்கப்பட்டது, தேவையில்லாத ஒரு வரி பி.ஓ.விலிருந்து நீக்கப்பட்டது.

அந்த நீக்கத்தை மேடம் வாய் வார்த்தையாக விடவில்லை. பி.ஓ. திருத்தம் போட்டார்: மூன்று லாட், மூன்று தேதி, லாட்டுக்குத் தனித்தனி பில், வந்த மூன்று நாளுக்குள் இன்ஸ்பெக்ஷன் முடிவு, எல்.டி. அப்படியே இருக்கும் ஆனா புதுத் தேதிகளிலிருந்து எண்ணப்படும். உறவு நன்றாக இருக்கிறதே, எல்.டி.யை எடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். அப்போதுதான் இந்தியக் காண்ட்ராக்ட் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னார். தாமதமாக வந்த சரக்கை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால், பிறகு அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. வாங்கும்போதே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். தேவைகளைப் பற்றிப் பேசுவது என்றால் உரிமையைத் தொலைப்பது என்று அர்த்தம் இல்லை. பேச்சு மென்மையாக இருக்கலாம், பேப்பர் தெளிவாக இருக்க வேண்டும்.

இதற்கிடையில் பர்ச்சேஸ் சார் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி: "வேற பவுண்டரிக்கு மாத்திட்டா என்ன?" இதைத்தான் புத்தகத்தில் பாட்னா என்கிறார்கள் (பீகார் தலைநகர் இல்லை). இந்தப் பேச்சு முறிந்தால் நம் கையில் மிஞ்சும் ஆகச் சிறந்த வழி எது என்பது. எங்களுக்கு அது பேட்டர்னையும் கோர் பாக்ஸையும் எடுத்துப்போய், சாம்பிள் ஊற்றி, அளவு பார்த்து, மெட்டீரியல் டெஸ்ட் முடித்து, அப்ரூவல் கொடுப்பது. குறைந்தது ஐந்து, ஆறு வாரம். ஓனர் சொன்ன மூன்று வாரத்தைவிட மோசம். பாட்னா இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது "வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். அவரும் பவுண்டரி நடத்துகிறவர்தானே. அவருடைய பாட்னாவோ நல்ல நிலையில் இருந்தது. வியாழக்கிழமை ஹீட்டுக்கு வால்வு கம்பெனிகள் காத்திருந்தன. மேடம் அந்தப் பேச்சையே எடுக்காததற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் இல்லை.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது லாட்டில் ஒரே ஹீட்டைச் சேர்ந்த மூன்று பீஸில், கடையும்போது உள்ளே ப்ளோ ஹோல் தெரிந்தது. புதன்கிழமை கண்டுபிடித்து அன்றே சொன்னதால், வியாழன் பத்துக்குப் பதில் 13 ஊற்றினார்கள். 15-க்கு இடம் இருந்த நாள் என்பதால் முடிந்தது. கடைசிக் கேசிங் நான்காம் வாரம் வெள்ளி கடைந்து முடிந்தது. இரண்டு நாள் லேட் மூன்று நாள் ஆனது. மொத்தமாக ஐந்தாம் வாரம் அனுப்பியிருந்தால் அந்த மூன்று பீஸும் கடைசியில்தான் தெரிந்திருக்கும், மாற்றுக்கு இன்னும் ஒரு வியாழன் காத்திருக்க வேண்டியிருக்கும். லாட் லாட்டாக வாங்கியதில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று நாங்கள் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

எதிராளி சொல்லும் தேவை பொய்யாக இருந்தால்? இருக்கலாம். கோர் ரேக்கை எண்ணியது அதற்குத்தான். ரேக்கில் எங்கள் கோர் இல்லாமல், வேறு கம்பெனி காஸ்டிங் தரை முழுக்கக் கிடந்திருந்தால், "காசு இல்லைங்க மேடம்" என்ற பேச்சுக்கு வேறு அர்த்தம்: நம் பணத்தை வாங்கி இன்னொருவர் ஆர்டரை முடிக்கப் போகிறார். அப்போது பில்லை மொத்தமாக விடாமல், ஸ்க்ராப் வண்டிக்கு நேராகவோ, ஊற்றிய ஹீட்டுக்கு ஏற்பவோ பணம் கட்டுவது மாதிரி ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்றார் மேடம்.

இந்த முறை செல்லாத இடமும் உண்டு. மார்ச்சில் அதே ஓனர் கிலோவுக்கு ஆறு ரூபாய் விலை ஏற்றிக் கேட்டார். அதிலும் பக்கத்து அறை ஜன்னல் இருக்கும் என்று நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பேமென்ட் நாளைக் குறைப்பது, ஆர்டரை மொத்தமாகக் கொடுப்பது என்று இரண்டு மூன்று பேசிப் பார்த்ததில் ஒரு ரூபாய் குறைந்தது. மீதி ஐந்து ரூபாய் சுத்தமான பேரம்: அவருக்குப் போனால் எங்களுக்கு இல்லை, எங்களுக்கு நின்றால் அவருக்கு இல்லை. பிக் அயர்ன், ஸ்க்ராப் விலை ஆறு மாதத்தில் எவ்வளவு ஏறியது என்று பில்களை மேஜை மேல் போட்டுப் பார்த்தார்கள். டீ இரண்டு தடவை வந்தது. கடைசியில் மூன்று ரூபாயில் நின்றது.